செத்தவீட்டுக்குப் பிறகு சிநேகிதர் சேர்ந்து செய்யிற ஞாபகப் புத்தகம்: அடிக்கடி கேக்கிற கேள்விகள்

31ஆம் நாளுக்கு வீட்டுக்காரர் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கினம் தானே, பிறகேன் நாங்களும் ஒண்டு?

கல்வெட்டு வேற, இது வேற. கல்வெட்டில தேவாரம், திருவாசகம், சிவபுராணம், திதி வெண்பா, வாழ்க்கைச் சுருக்கம், வம்சாவளி, மனைவி பிள்ளையள் புலம்பல், நன்றி நவிலல் எல்லாம் இருக்கும், அது குடும்பம் ஊருக்குக் குடுக்கிறது. நான் சொல்றது ஊர் குடும்பத்துக்குக் குடுக்கிறது. பிள்ளையளுக்கு அப்பாவை அப்பாவாத்தான் தெரியும், கடையில நிண்ட மனுசனை, வாசிகசாலையில பேப்பருக்குச் சண்டை பிடிச்ச மனுசனை, பள்ளிக்கூடம் கட் பண்ணிட்டு கசூரினா பீச்சுக்குப் போன பெடியனை அவைக்குத் தெரியாது. அது சிநேகிதரிட்ட மட்டும்தான் இருக்கு, அவையும் ஒவ்வொருத்தரா வயசு போய்க்கொண்டிருக்கினம்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரு புத்தகத்தை வைச்சே சொல்றன், சைக்கிள் கடை வைச்சிருந்த ஒரு அண்ணைக்கு நாங்கள் செய்தது. பேர் விபரம் போடேல்ல, தேவையும் இல்லை.

எப்ப தொடங்கோணும், எப்ப குடுக்கோணும்?

31க்குக் குடுக்க நினைக்காதேங்கோ. அந்த ஒரு மாசம் வீட்டில எட்டுச்செலவு, அந்தியேட்டி, கீரிமலைக்குப் போற ஆயத்தம், வெளிநாட்டில இருந்து வந்த ஆக்களைப் பாக்கிறது எண்டு ஒருத்தருக்கும் தலைகால் தெரியாது, வந்து குவியிற எதையும் ஆறுதலா இருந்து வாசிக்க மாட்டினம். ஆனா கதை சேர்க்கிறதை அந்த மாசத்திலயே தொடங்கிடுங்கோ, ஏனெண்டா செத்தவீட்டுக்கு வந்த ஆக்கள் முத்தத்துக் கதிரையில இருந்து தங்களுக்குள்ள கதைக்கிறதுதான் முதல் தரமான கதை. அப்ப ஒரு கொப்பியில ஆற்ற பேர், போன் நம்பர், என்ன கதை எண்டு ஒரு வரி, அவ்வளவும் குறிச்சு வைச்சாக் காணும். "டைனமோ ரேடியோ - வாசிகசாலை அண்ணை" எண்டு ஒரு வரி இருந்தா பிறகு அவருக்குக் கோல் எடுத்து நேரா அதையே கேக்கலாம்.

குடுக்கிறதுக்கு நல்ல நாள் ஆட்டைத்திவசத்தையொட்டி. வேதக்கார வீடெண்டா வருச நினைவுப் பூசைக்கு. அதுக்கு ஒரு கிழமை முந்தி வீட்டை கொண்டுபோய்க் குடுங்கோ, அண்டைக்கே சனத்துக்கு நடுவில குடுத்தா அது சபையில வாசிக்கிற சாமானாப் போயிடும்.

வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் சப்ரைசா செய்யலாமோ?

வேண்டாம். வீட்டில ஒருத்தருக்கெண்டாலும் சொல்லித்தான் செய்யோணும். மனைவிக்குச் சொல்ல மனம் வரேல்லையெண்டா மூத்த மகளோ தம்பியோ, ஆரோ நிதானமா இருக்கிற ஒருத்தர். அவரிட்ட ரெண்டு விசயம் கேளுங்கோ. ஒண்டு, எதைப் போடக்கூடாது. மற்றது, அச்சுக்குப் போக முந்தி முழுசா ஒருக்கா வாசிச்சுத் தருவாரோ எண்டு. இந்த ரெண்டாவது விசயம் நடக்காமல் தயவுசெய்து பிரஸ்ஸுக்குக் குடுக்காதேங்கோ. எங்கட புத்தகத்தில ஒரு கதையில வந்த ஒரு பேரைப் பாத்திட்டு மகள் "இவரும் சித்தப்பாவும் காணிப் பிரச்சினையில கதைக்கிறேல்ல, அந்தப் பேரை மட்டும் எடுங்கோ" எண்டா. வெளியில இருக்கிற எங்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

எல்லாரும் "அன்னார் பழகுவதற்கு இனிமையானவர்" எண்டே எழுதி அனுப்புகினம், என்ன செய்யிறது?

இதுதான் இந்த வேலையில பெரிய சிக்கல், மற்றதெல்லாம் இதுக்குப் பிறகுதான். ஒரு ஆளிட்ட "அவரைப் பற்றி ஒரு கட்டுரை தாங்கோ" எண்டு கேட்டா அவர் பேனையை எடுத்தவுடன மரண அறிவித்தல் தமிழுக்குப் போயிடுவார், அன்னார், பேரிழப்பு, ஈடு செய்ய முடியாதது, ஆத்மா சாந்தியடைய. பொய் எண்டு சொல்லேல்ல, உண்மையாத்தான் எழுதுகினம், ஆனா நாப்பது பேர் அதையே எழுதினா பிள்ளையளுக்கு ஒண்டும் புதுசாக் கிடைக்காது.

அதால கட்டுரை எண்ட சொல்லையே எடுக்காதேங்கோ. ஒரு சம்பவம் கேளுங்கோ. நாங்கள் குறூப்பில போட்ட மெசேஜ் இது, வேணுமெண்டா எடுத்துப் பாவியுங்கோ:

"அண்ணை, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். கடைக்கார அண்ணையைப் பற்றி உங்களிட்ட இருக்கிற ஒரேயொரு சம்பவம் வேணும். அவர் என்ன சொன்னவர், நீங்கள் என்ன சொன்னனீங்கள், எங்க நிண்டனீங்கள். அவர் நல்லவர் எண்டு நீங்கள் எழுதத் தேவையில்லை, பிள்ளையளுக்கு அது தெரியும். வொய்ஸ்ல சொன்னாலும் காணும், ரெண்டு மூண்டு நிமிசம். எழுத்துப்பிழை பாக்க வேண்டாம், நாங்கள் பாக்கிறம்."

இப்பிடிக் கேட்டும் கொஞ்சப் பேர் பழைய மாதிரித்தான் அனுப்புவினம். அவைக்குத் திருப்பிக் கோல் எடுக்கோணும், மெசேஜ் போட்டு வேலையில்லை. ஒரு வாசிகசாலை அண்ணை அனுப்பினது, "அன்னார் சமூக சேவையில் தன்னை அர்ப்பணித்தவர், இக்கட்டான காலங்களில் எமது சனசமூக நிலையத்திற்கு உறுதுணையாக இருந்தவர்." அவ்வளவுதான். கோல் எடுத்து நான் கேட்டது சின்னச் சின்னக் கேள்வி. இக்கட்டான காலம் எண்டா எது அண்ணை? கரண்ட் இல்லாத காலம், தொண்ணூறுகளில. என்ன உதவி செய்தவர்? ரேடியோ கேக்க உதவி செய்தவர். பற்றரி இல்லையே, எப்பிடி? அதுக்குப் பிறகு அவரை நிப்பாட்ட ஏலாமல் போச்சு.

கடையில இருந்து ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து தலைகீழா நிப்பாட்டி, டைனமோவில இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் குடுத்து, இரவில பிபிசி தமிழோசை கேக்கிறது. பெடல் சுத்த ஒரு பெடியன். கை அலுத்துச் சுத்து குறைஞ்சா செய்தி வாசிக்கிறவற்ற குரல் இறங்கி இறங்கிப் போகும், உடன இவர் "டேய் சுத்தடா, செய்தி போகுது" எண்டு கத்துவாராம், கத்தின சத்தத்தில கிழவர்மார் அரைச் செய்தியை விட்டிடுவினம், பிறகு "என்னவாம் சொன்னவன்" எண்டு ஆளையாள் கேக்கிறது. சுத்தின பெடியனிட்ட அடுத்த நாள் கடையில காத்தடிக்கக் காசு வாங்கமாட்டார்.

முதல் அனுப்பின வரியும் இந்தக் கதையும் ஒரே மனுசனிட்ட இருந்துதான் வந்தது. "உறுதுணை" எண்ட சொல்லுக்குள்ள அந்தத் தலைகீழாச் சைக்கிள் கிடந்திருக்கு. அதால பெரிய சொல் எது வந்தாலும் அந்தச் சொல்லைப் பிடிச்சுக் கேளுங்கோ, உதவி எண்டா என்ன உதவி, கோபக்காரர் எண்டா ஆரோட கோபிச்சவர், கண்டிப்பானவர் எண்டா என்னத்துக்கு அடிச்சவர். "அவரைப் பற்றி வேற ஏதும்?" எண்டு பொதுவாக் கேட்டா ஒண்டும் வராது. கதவைத் திறக்கிறது எப்பவும் இடம், சாமான், சாப்பாடு: கடையில எந்தப் பக்கம் இருப்பார், என்ன பிளேன்ரீ குடிப்பார், கடைசியாக் கண்டது எங்க.

எழுதத் தெரியாத, போன் பாவிக்காத வயசுபோன ஆக்களிட்ட எப்பிடி எடுக்கிறது?

நேர போங்கோ. போனை மேசையில வைச்சு ரெக்கோர்ட் பண்ணுறன் எண்டு சொல்லிட்டு, பிறகு போனைப் பாக்காமல் கதையுங்கோ. ஃபானை நிப்பாட்டச் சொல்லுங்கோ, ரெக்கோர்டிங்கில ஃபான் சத்தம்தான் முழுக்க வரும். தனிய ஒருத்தரைக் கேக்கிறதை விட ரெண்டு சிநேகிதரை ஒண்டா இருத்திக் கேட்டா இன்னும் வரும், ஒருத்தர் மறந்ததை மற்றவர் எடுத்துக் குடுப்பார், ஆனா மூண்டு நாலு பேரெண்டா எல்லாரும் ஒரே நேரத்தில கதைச்சு எழுத ஏலாமல் போயிடும்.

வாட்ஸ்அப் வொய்ஸ் வாறவைக்கு ஒரு விசயம். அதைச் சேவ் பண்ணினா PTT-20240512-WA0003.opus எண்ட மாதிரித் திகதியும் நம்பரும்தான் பேரா இருக்கும், ஆர் கதைச்சது எண்டு அதில இல்லை. வந்த அண்டைக்கே ஆளின்ர பேரைப் போட்டு மாத்தி வையுங்கோ. விட்டா ரெண்டு மாசத்துக்குப் பிறகு லண்டன் அண்ணையோ நோர்வே அண்ணையோ எண்டு குரலை வைச்சுக் கண்டுபிடிச்சுக்கொண்டு இருக்கோணும், அதோட ஒருத்தற்ற கதைக்குக் கீழ மற்றவற்ற பேர் போனா அதை விட அவமரியாதை இல்லை.

கேட்டு ரைப் பண்ணுறதுக்கு நேரம் போகும், 10 நிமிச வொய்ஸுக்கு முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் எண்டு கணக்கு வையுங்கோ. ரைப் பண்ண மூண்டு நாலு பேரைப் பிடிச்சுப் பிரிச்சுக் குடுங்கோ, ஆனா எல்லாத்தையும் கடைசியா ஒருத்தர் வாசிக்கோணும்.

சொன்ன மாதிரிப் பேச்சுத் தமிழிலயே விடுறதோ, எழுத்துத் தமிழுக்கு மாத்துறதோ?

மேற்கோளுக்குள்ள அவர் கதைச்சது எப்பிடி வந்ததோ அப்பிடியே. "டேய் சுத்தடா, செய்தி போகுது" எண்டதை "தம்பி, வேகமாகச் சுற்று" எண்டு மாத்தினா மனுசன் போச்சு. கதை சொல்றவற்ற வசனம் கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம், திருப்பித் திருப்பி வாற "பாருங்கோ", "அப்ப என்னெண்டா" கொஞ்சத்தை எடுக்கலாம், எல்லாத்தையும் எடுக்காதேங்கோ. சிலபேர், குறிப்பா ரீச்சர்மார், தங்கட பேரில பேச்சுத் தமிழ் வாறதை விரும்பமாட்டினம், அவை எழுதித் தந்ததை அவையின்ர தமிழிலயே விடுங்கோ. எல்லாத்தையும் ஒரே நடைக்குக் கொண்டுவரத் தேவையில்லை, வேற வேற ஆக்கள் கதைக்கிற மாதிரி இருந்தாத்தான் அது சரி.

திருத்தினதை அச்சுக்கு முந்தி சொன்ன ஆளுக்கே அனுப்பி ஓம் வாங்குங்கோ.

ஒரே கதையை ரெண்டு பேர் வேற மாதிரிச் சொல்லினம், எதைப் போடுறது?

ரெண்டையும். டைனமோக் கதையில தான்தான் சுத்தினது எண்டு ரெண்டு பெடியள் (இப்ப ரெண்டு பேரும் அம்பதுக்கு மேல) சொல்லிச்சினம், பாத்தா ரெண்டு பேரும் வேற வேற நாளில சுத்தியிருப்பினம். பக்கத்துப் பக்கத்தில போட்டம், அவ்வளவுதான். ஒவ்வொரு கதைக்குக் கீழயும் பேர், இப்ப இருக்கிற ஊர், அவரை எந்தக் காலத்தில எப்பிடித் தெரியும் எண்ட ஒரு வரி இருந்தா வாசிக்கிறவைக்கு விளங்கும்.

நீங்கள் சரிபாக்கவேண்டியது ஞாபகத்தை இல்லை, ஊரறிஞ்ச விசயங்களை. வலிகாம இடப்பெயர்வு 1995 ஒக்டோபர் 30, ஒருத்தர் அதை 96 எண்டு சொன்னா மாத்திவிடுங்கோ. பேருக்கு முன்னால வாற எழுத்து, பள்ளிக்கூடப் பேர், சனசமூக நிலையத்தின்ர முழுப் பேர், இதுகளை வீட்டில இருக்கிற அந்த ஒருத்தரிட்டக் கேளுங்கோ.

கடன், காதல், குடி, சண்டைக் காலத்துக் கதை எல்லாம் வந்தா?

வரும், கட்டாயம் வரும். எடுத்த எடுப்பில வெட்டாதேங்கோ, எடுத்த எடுப்பில போடவும் வேண்டாம். நான் பாக்கிறது ரெண்டு விசயம்: இதை வாசிச்சா வீட்டில ஆருக்கும் புதுசா ஒரு காயம் வருமோ, உயிரோட இருக்கிற வேற ஆருக்கும் கரைச்சல் வருமோ. சண்டைக் காலத்துக் கதையில ரெண்டாவதுதான் முக்கியம். ஆர் ஆரை எங்க ஒளிச்சு வைச்சது, ஆர் எந்தப் பக்கம் நிண்டது எண்டு பேரோட வந்தா பேரை எடுங்கோ, அந்த ஆள் உயிரோட இருந்து தானே ஓம் எண்டு சொன்னா மட்டும் போடலாம். அதே கதையை "ஒரு பெடியன்" எண்டு போட்டாலும் கதை குறையாது.

கடன் கதை ஒண்டு எங்களுக்கு வந்தது. கனடாவில இருக்கிற ஒருத்தர், போகேக்க கடைக் கொப்பியில தன்ர பேரில காசு நிண்டது, குடுக்காமலே வந்திட்டன், ரெண்டு தரம் ஊருக்கு வந்தும் அவர் கேக்கேல்ல எண்டு வொய்ஸில அழுதுகொண்டு சொன்னார். நல்ல கதை. ஆனா வீட்டில இப்ப காசுக்குக் கஷ்டம், அதை அப்பிடியே புத்தகத்தில அடிச்சா அண்ணையின்ர மனுசி அக்காவுக்கு எப்பிடி இருக்கும்? அவருக்குச் சொன்னம், முதல் அந்தக் காசை அனுப்புங்கோ, அக்காவோட கதையுங்கோ, பிறகு போடுவம் எண்டு. அவர் அனுப்பினார், கதைச்சார், அக்காவே போடச் சொன்னா.

கடைசிக் காலத்து வருத்தம், ஆசுப்பத்திரி, "இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டுபோயிருக்கலாம்" எண்ட கதை ஒண்டும் வேண்டாம். நோக்கம் நல்லதா இருந்தாலும் வீட்டுக்காரர் அதைத் தங்களைக் குறை சொல்றதாத்தான் வாசிப்பினம். தானே உயிரை மாய்ச்ச ஒருத்தருக்குச் செய்யிறீங்களெண்டா எப்பிடி நடந்தது எண்ட விபரம் ஒரு வரியும் வரக்கூடாது, காரணம் தேடுற கதையும் வேண்டாம், அவர் வாழ்ந்ததை மட்டும் எடுங்கோ.

அனுப்புறன் அனுப்புறன் எண்டிட்டு அனுப்பாத ஆக்களை என்ன செய்யிறது?

குறூப்பில பொதுவாக் கேட்டா எல்லாரும் கும்பிடு போட்டிட்டுப் போயிடுவினம். தனித்தனியாக் கோல் எடுங்கோ, அந்தக் கோலிலயே "இப்பவே சொல்லுங்கோ, நான் ரெக்கோர்ட் பண்ணுறன்" எண்டு கேளுங்கோ. கனபேர் சோம்பலில இல்லை, தாங்கேலாமல்தான் தள்ளிப் போடுகினம். மிச்சம் நெருக்கமான சிநேகிதன்தான் கடைசிவரைக்கும் ஒண்டும் தரமாட்டான். அவரை நெருக்காதேங்கோ, ஒரு படத்துக்குக் கீழ அவற்ற பேரை மட்டும் போட்டாலும் அவருக்கு அது காணும். அச்சுக்குக் குடுக்கிற நாளை ஒரு மாசம் முந்தின நாளாச் சொல்லி வையுங்கோ.

படம் எல்லாம் மங்கலா வருது, ஏன்?

வாட்ஸ்அப்பில படமா அனுப்பினா அது சுருக்கித்தான் அனுப்பும். அதே படத்தை டொக்கியூமெண்ட் எண்டு தெரிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கோ, முழு அளவில வரும். அச்சுக்கு இஞ்சிக்கு 300 புள்ளி வேணும் எண்டுவினம், அதாவது 4 இஞ்சி அகலத்தில போடப்போற படம் 1200 பிக்சல் அகலமெண்டாலும் இருக்கோணும். பழைய அல்பப் படங்களை அல்பத்தில ஒட்டின படியே கண்ணாடித்தாளுக்கு மேலால போன்ல எடுத்தா வெளிச்சம் அடிச்சு முகமே தெரியாது. இழுத்து உரிக்கவும் வேண்டாம், கிழிஞ்சிடும். கழட்டக்கூடிய படத்தைக் கழட்டி ஸ்கான் பண்ணுங்கோ, ஏலாதெண்டா விறாந்தையில வெயில் படாத வெளிச்சத்தில, நேர மேல இருந்து எடுங்கோ. படத்துக்குப் பின்னால எழுதியிருக்கிறதையும் ஒரு படம் எடுங்கோ, வருசம் அதிலதான் இருக்கும்.

பிரஸ்ஸில குடுத்தா எங்கட எழுத்தெல்லாம் சிதறிப் போகுது எண்டினம், அது என்ன?

போன்ல ரைப் பண்ணுறது யூனிகோட். எங்கட பக்கத்துப் பிரஸ்ஸுகளில கன இடத்தில இன்னும் பாமினி எழுத்துருவில, பழைய பேஜ்மேக்கரில வேலை நடக்குது, அதில யூனிகோட் தமிழை ஒட்டினா பெட்டி பெட்டியா வரும். பாமினியில "யாழ்" எண்டு தெரியிறது உள்ளுக்குள்ள aho; எண்ட ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துருதான் அதைத் தமிழாக் காட்டுது. அதால பிரஸ்காரர் கன்வேட்டரில போட்டு மாத்துவினம், அப்ப உங்கட வசனத்துக்குள்ள ஒரு ஆங்கிலச் சொல்லோ ஈமெயிலோ இருந்தா அதுவும் தமிழ் எழுத்தா மாறிக் கண்டபடி நிக்கும். மேற்கோள் குறிகளும் அப்பிடித்தான் கெடும்.

முதலே பிரஸ்ஸில கேளுங்கோ யூனிகோட்டில செய்வீங்களோ எண்டு. இல்லாட்டி நீங்களே வேர்டில பக்கம் அமைச்சு, எழுத்துருவை உள்ள பதிச்ச பிடிஎஃப்பாக் குடுங்கோ, அப்ப அங்க ஒண்டும் மாறாது. எப்பிடிச் செய்தாலும் ஒரு புரூஃப் கடதாசியில எடுத்து, திரையில இல்லாமல் கடதாசியில, ரெண்டு பேர் வாசியுங்கோ, ஒருத்தர் பேர்களை மட்டும் பாக்கட்டும்.

எத்தின பக்கம், எத்தின கொப்பி?

ஏ5 அளவு, 12 புள்ளி எழுத்தெண்டா பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 180 சொல் பிடிக்கும். ரெண்டு மூண்டு நிமிசக் கதை ஒண்டு ஒண்டரைப் பக்கம் முதல் ரெண்டு பக்கம் வரும், 30 கதையும் கொஞ்சப் படமும் எண்டா 64 பக்கத்துக்குள்ள முடிக்கலாம். நடுவில கம்பி அடிக்கிறதெண்டா பக்கம் நாலாப் பிரியோணும், இல்லாட்டி கடைசியில வெள்ளைப் பக்கம் நிக்கும். அதுக்கு மேல தடிச்சா பசை பைண்டிங். கொப்பி கல்வெட்டு மாதிரி நூற்றுக்கணக்கில வேண்டாம், வீட்டுக்கும் பிள்ளையளுக்கும் கதை தந்த ஆக்களுக்கும் ஒவ்வொண்டு, கையில ஒரு பத்து.

வெளிநாட்டில பிறந்த பேரப்பிள்ளையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே?

குரல்களைக் குடுங்கோ. வாசிக்கத் தெரியாட்டியும் கேட்டு விளங்கும் பிள்ளையள் கனபேர். வொய்ஸ் எல்லாத்தையும் எம்பி3 ஆ மாத்தி, கதை சொன்னவையின்ர பேரைப் போட்டு ஒரு பென்டிரைவில புத்தகத்தோட வையுங்கோ. கியூஆர் போட்டு லிங்க் குடுக்கலாம்தான், ஆனா அந்தக் கணக்குக்குக் காசு கட்டாமல் விட்டா, இல்லாட்டி ஆரும் ஃபைலை இடம் மாத்தினா அந்தக் கட்டம் வெறும் கட்டம், அதை மட்டும் நம்பி இருக்காதேங்கோ. ஒவ்வொரு கதைக்குக் கீழயும் ஆங்கிலத்திலயோ பிரெஞ்சிலயோ மூண்டு வரிச் சுருக்கம் போட்டாலும் நல்லம், அதை அந்தந்த நாட்டில இருக்கிற சிநேகிதற்ற பிள்ளையளிட்டயே கேக்கலாம்.

இதை நூலகம் தளத்துக்குக் குடுக்கலாமோ?

நூலகத்தில எங்கட பக்கத்து நினைவு மலர் கனக்கக் கிடக்கு, அவை வாங்குவினம். ஆனா இது கல்வெட்டு மாதிரி ஊருக்கெண்டு எழுதினதில்லை, வீட்டுக்கெண்டு சொன்ன கதை, அதால வீட்டுக்காரரும் கதை தந்தவையும் ரெண்டு பக்கமும் ஓம் எண்டாத்தான் குடுக்கலாம். கதை கேக்கிற அந்த முதல் மெசேஜிலயே "இணையத்தில போட்டாச் சம்மதமோ" எண்டு ஒரு வரி சேர்த்துக் கேட்டு வையுங்கோ, பிறகு அத்தின பேரையும் திருப்பித் தேடிப் பிடிக்கிறது பெரிய வேலை. எங்கட புத்தகத்துக்கு ரெண்டு பேர் வேண்டாம் எண்டினம், அந்த ரெண்டு கதையும் இல்லாமல் வேற ஒரு பிடிஎஃப் செய்து வைச்சிருக்கிறம், அக்கா எப்ப ஓம் எண்டுறாவோ அப்ப அதைத்தான் குடுப்பம்.